டிவியில் காட்டுவது ஒரு செயலா, இரண்டா? (மிரரிங், காஸ்டிங்: சொல் தேவை)

ரோஸ் ஹில், மொரிசியசிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் தமிழ் அமைப்பின் அலுவலகத்தில் கூட்ட அறை என்றால் எட்டு நாற்காலி போடும் அளவுதான். பழைய புரொஜெக்டரை எடுத்துவிட்டுச் சுவரில் ஒரு டிவி மாட்டினோம். ஆசிரியர்கள் தங்கள் மடிக்கணினியையோ கைப்பேசியையோ கொண்டுவந்து கேபிள் இல்லாமல் பாடம் காட்டுவார்கள். டிவிக்குப் பக்கத்தில் ஒட்ட ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். எல்லாவற்றுக்கும் 'திரைப் பகிர்வு' என்றே போட்டுவிட்டேன். இரண்டே வாரத்தில் அந்தச் சொல் எங்களை அலைக்கழித்துவிட்டது.

ஓர் ஆசிரியை கைப்பேசியில் யூடியூப் பாட்டைத் திறந்து, மேலே இருந்த காஸ்ட் குறியைத் தொட்டார். டிவியில் பாட்டு வந்தது. நேரமாகிவிட்டதென்று அவர் பேருந்து ஏறிப் போய்விட்டார், பாட்டு நிற்கவில்லை. டிவி ரிமோட்டைத் தேடி எடுத்துத்தான் நிறுத்தினோம். மறுநாள் இன்னொருவர் மடிக்கணினியில் `Win + K` அழுத்திப் பாடப் பக்கங்களைக் காட்டினார். 'நேற்று ஆளே போன பிறகும் ஓடியதே' என்ற நம்பிக்கையில் கணினியை மூடிவிட்டுத் தேநீருக்கு எழுந்தார். டிவி வெறுமையானது. திரும்பி வந்து திறந்ததும் அவர் தங்கையின் சொந்தச் செய்தி ஒன்று திரை ஓரத்தில் எழும்ப, எட்டுப் பேரும் படித்துவிட்டோம். அவருக்கு முகம் வாடிப்போயிற்று.

இரண்டும் வேறு வேறு செயல். ஆளுக்கொரு பெயர் வேண்டும். என்ன சொல்லலாம்?

டர்பனிலிருந்து:

தம்பி, திரைப் பகிர்வு நல்ல சொல்தானே! எங்கள் தமிழ் வகுப்பு சூமில்தான் நடக்கிறது. நான் திரையைப் பகிர்ந்தால் கேப் டவுனில் இருக்கும் பேரப்பிள்ளைகூடப் பார்க்கிறாள். குறிப்பிட்ட ஒரு சாளரத்தை மட்டும் பகிரச் சொல்லுங்கள், தங்கையின் செய்தி தெரியாது. புதுச் சொல் எதற்கு?

மோகாவிலிருந்து:

ஐயா, நீங்கள் சொல்வது வேறு. இவர் கேட்பது அதே அறையில் இருக்கும் டிவியைப் பற்றி. மடிக்கணினித் திரையில் உள்ளது அப்படியே டிவியில் வருவதை 'திரைநகல்' எனலாம். மற்றதற்கு 'அனுப்பல்' போதும். எப்படியும் இரண்டுக்கும் இணையம் வேண்டும், இணையம் போனால் இரண்டும் போகும். ஆகவே குறிப்பின் முதல் வரியில் 'இணையம் உள்ளதா பார்க்கவும்' என்று எழுதுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

அம்மா, திரைநகல் எனக்குப் பிடித்திருக்கிறது. இணையம் பற்றிய பாதியைத் திருத்த வேண்டும். `Win + K` பெரும்பாலும் மிராகாஸ்ட் வழியில் போகிறது. மடிக்கணினியும் டிவியும் ரௌட்டரைக் கேட்காமல் தங்களுக்குள் நேராக ஒரு வைஃபை இணைப்பு போட்டுக்கொள்கின்றன. இணையம் செத்துக் கிடந்தாலும் படம் வரும். மடிக்கணினியால் முடியுமா என்று பார்க்க:

```
netsh wlan show drivers
```

வரும் பட்டியலில் `Wireless Display Supported` என்ற வரியில் `Yes` இருக்க வேண்டும். `No` என்றால் பக்கத்திலேயே கிராபிக்ஸ் டிரைவரா, வைஃபை டிரைவரா, எது குறை என்றும் எழுதியிருக்கும்.

யூடியூப் காஸ்ட் அப்படியல்ல. கைப்பேசி படத்தை அனுப்புவதே இல்லை. 'இந்த முகவரியில் இருக்கும் காணொளியை நீயே எடுத்து ஓட்டு' என்று டிவிக்குச் சொல்வதோடு சரி. டிவி தானே இணையத்திலிருந்து எடுக்கிறது. அதனால்தான் ஆள் பேருந்து ஏறிய பிறகும் பாட்டு ஓடியது. ஆகவே 'அனுப்பல்' இங்கே தவறான படத்தை மனத்தில் போடும். ஏவுகிறோம், அவ்வளவுதான். 'திரையேவல்' என்பேன்.

விருந்தினர் வைஃபையில் இருப்பவர்களுக்கு டிவி பெயரே தெரியவில்லை என்ற புகார் வந்திருக்குமே? விருந்தினர் வலையமைப்பு பொதுவாக ஒரு கருவியை மற்றொன்றின் கண்ணில் காட்டாது. ஏவலுக்கு டிவியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு வழக்கமாக இரண்டும் ஒரே வலையமைப்பில் இருக்க வேண்டும். மிராகாஸ்டின் நேரிணைப்புக்கு இந்தத் தடை இல்லை.

டர்பனிலிருந்து:

ஏவலா! எங்கள் வீட்டில் 'ஏவல் பில்லி சூனியம்' என்று சேர்த்துத்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டிவி பக்கத்தில் ஒட்டினால் வயதானவர்கள் என்ன நினைப்பார்கள்?

மோகாவிலிருந்து:

ஐயா, பள்ளிப் பிள்ளைக்கு ஏவல் என்றால் முதலில் ஏவல் வினைதான் நினைவுக்கு வரும். வா, படி, ஓட்டு. கைப்பேசி டிவிக்குச் சொல்வதும் அதே 'ஓட்டு' தானே. நான் அனுப்பலைக் கைவிடுகிறேன். இணையம் பற்றி எழுதியதையும் திருத்திக்கொள்கிறேன்.

ரீயூனியனிலிருந்து:

எங்கள் ஐபோன்களில் பிரெஞ்சு மெனுதான். அங்கே `Recopie de l'écran` என்று இருக்கிறது. ஆங்கிலம் கண்ணாடியை நினைத்தது, பிரெஞ்சு படியெடுப்பதை நினைத்தது. திரைநகல் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் நகல் என்றால் எடுத்து வைத்துக்கொள்வது. ஸ்கிரீன்ஷாட்டையும் நாளை யாரோ திரைநகல் என்பார்கள். 'திரைநிழல்' எப்படி? ஆள் அசைந்தால் அசையும், ஆள் போனால் போய்விடும். இன்னொன்று: ஐபோனில் மிராகாஸ்ட் இல்லை. டிவியில் ஏர்பிளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

நிழல் அழகாக இருக்கிறது. எங்கள் தொழிலில் பிறர் கணினித் திரையைத் தூரத்திலிருந்து கவனிப்பதை 'ஷேடோ' என்கிறோம், அதோடு மோதும். எந்தச் சொல் வந்தாலும் பொத்தானில் உள்ள பெயரை நம்பிப் பிரிக்காதீர்கள். குரோமில் `Cast tab` என்று இருக்கிறது. பெயர் காஸ்ட், ஆனால் சாதாரண வலைப்பக்கத்தைக் காட்டும்போது அந்தத் தாவலின் படத்தை உங்கள் கணினிதான் நொடிக்கு நொடி சுருக்கி அனுப்புகிறது. கணினியை மூடினால் டிவியிலும் போய்விடும். படம் எங்கே பிறக்கிறது என்பதே கேள்வி.

ரோஸ் ஹில்லிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை தனியாக உட்கார்ந்து சோதித்தேன். ரௌட்டரிலிருந்து இணையக் கேபிளை உருவினேன். `Win + K` படம் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. எலியை நகர்த்தினால் டிவியில் அம்பு ஒரு கணம் பின்தங்கி வருகிறது, பாடப் பக்கத்துக்கு அது இடைஞ்சல் இல்லை. யூடியூப் ஏவல், சேர்த்து வைத்திருந்ததை ஓட்டி முடித்துவிட்டுச் சுழல ஆரம்பித்தது. கேபிளைத் திரும்பச் செருகி, கைப்பேசியை அணைத்தேன். பாட்டு ஓடியது.

எங்கள் பழைய மேசைக் கணினியில் வைஃபையே இல்லை, ரௌட்டருக்குக் கேபிள் போகிறது. அதில் `Win + K` கைகொடுக்கவில்லை. குரோமின் `Cast tab` வேலை செய்தது, டிவியும் அதே ரௌட்டரில் இருப்பதால். மூடிப் பார்த்தேன், டிவியிலும் போனது. ஆகவே குறிப்பில் அதைத் திரைநகல் பக்கம் எழுதியிருக்கிறேன்.

தங்கையின் செய்திக்கும் வழி கிடைத்தது. திரைநகல் வந்ததும் `Win + P` அழுத்தி `Extend` தேர்ந்தால் டிவி தனித் திரையாகிறது. பாடப் பக்கத்தை மட்டும் அங்கே தள்ளிவிடலாம், அறிவிப்புகள் மடிக்கணினியிலேயே எழும்பின. அப்போது அது நகலே இல்லை என்று மோகா அம்மா கேட்பார்கள், எனக்கும் அதே கேள்விதான். டிவியில் வருவது மடிக்கணினியில் எங்கும் தெரியாதபோது திரைநகல் என்று எப்படிச் சொல்வது? திரைநிழலும் அங்கே பொருந்தாது.

இப்போதைக்கு இரண்டு தலைப்பு போட்டு ஒட்டியிருக்கிறேன். 'திரைநகல்: கணினியை மூடாதீர்கள்.' 'திரையேவல்: போகும் முன் நிறுத்திவிட்டுப் போங்கள்.' டர்பன் ஐயாவின் 'திரைப் பகிர்வு' சூமுக்கு மட்டும். முதல் தலைப்பைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். `Extend` நிலைக்குப் பொருந்தும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் கூட்டத்துக்கு முன் மாற்றிவிடுவேன்.