கலைச்சொல் தேவை: காணொளி எக்ஸ்போர்ட்டில் இரு வகைக் குறியாக்கம்

முல்லை:
நண்பர்களுக்கு வணக்கம். காணொளித் தொகுப்பு மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘ஹார்டுவேர் என்கோடிங்’, ‘சாஃப்ட்வேர் என்கோடிங்’ என இரண்டு தேர்வுகள். ‘வரைகலை அட்டைக் குறியாக்கம்’, ‘மென்பொருள் குறியாக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

கதிர்:
பயனருக்கு உள்ளே நடப்பது எதற்கு? ‘விரைவுக் குறியாக்கம்’, ‘தரக் குறியாக்கம்’ என்றே வைக்கலாம். அட்டையின் ஆயிரக்கணக்கான கோர்கள் சேர்ந்து வேலை பார்ப்பதால் சீக்கிரம் முடிகிறது, அந்த அவசரத்தில் தரம் போகிறது.

ஒளியன்:
வேகம் உண்மை, காரணம் அதுவல்ல. விளையாட்டுக்கும் எஃபெக்டுக்கும் உழைக்கும் கோர்கள் இதில் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. குறியாக்கத்துக்கென்றே தனிச் சுற்று ஒன்று சில்லில் பதிக்கப்பட்டிருக்கிறது. என்விடியா அதை 2012இல் கெப்ளர் அட்டைகளோடு கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே இன்டெல் தன் பிராசசருக்குள் அப்படியொன்றை வைத்துவிட்டது. அங்கே தனி அட்டையே கிடையாது. ஆகவே முல்லையின் முதல் சொல்லும் சரிவராது.

தரம் ஏன் குறைகிறது? காணொளியின் ஒரு படச்சட்டத்தில் இருந்த இலை அடுத்த படச்சட்டத்தில் எங்கே நகர்ந்தது என்று தேடிக் கண்டுபிடித்தால், நகர்வை மட்டும் எழுதினால் போதும். நேரம் கொடுத்தால் மென்பொருள் இந்தத் தேடலை ஆழமாகச் செய்யும். பல வழிகளை முயன்று, குறைந்த பிட்டில் முடிவதை எடுக்கும். சில்லில் உள்ள சுற்றுக்குத் தேடலின் எல்லை வடிவமைக்கும்போதே வகுக்கப்பட்டது. ஒரே காட்சியை இப்படி இரண்டு முறை எடுத்துப் பாருங்கள்:

```
ffmpeg -i in.mov -c:v libx264 -preset slow -b:v 3M a.mp4
ffmpeg -i in.mov -c:v h264_nvenc -preset p6 -b:v 3M b.mp4
```

காற்றில் அசையும் மரமும் மங்கிய வெளிச்சத்தில் சுவரும் உள்ள காட்சியாக இருக்கட்டும். இரண்டாவதில் இலைகள் குழைந்து, சுவரில் கட்டங்கள் முதலில் தெரியும். 3M என்பதை 25M ஆக்கினால் வேறுபாட்டைக் கண்ணால் பிடிப்பது கடினம். 2018இல் வந்த டூரிங் தலைமுறைச் சுற்று முந்தையவற்றைவிடத் தெளிவாக மேல். பிட்ரேட்டுக்கும் தலைமுறைக்கும் ஏற்ப மாறுகிற தரத்தைப் பெயரிலேயே பூட்டினால் அந்தப் பெயர் நாளை பொய்யாகும்.

யாழினி:
நான் இரண்டிலும் தர எண் 22 வைத்து என் நடன வகுப்புக் காணொளியை எடுத்தேன். வித்தியாசமே இல்லை! மென்பொருள் வழிக்கு வீணாகக் காத்திருக்கிறோமோ?

ஒளியன்:
கோப்பின் அளவு?

யாழினி:
ஒன்று 210 எம்பி, அட்டை வழியே எடுத்தது 340 எம்பி. ஒரே எண்தானே கொடுத்தேன்?

ஒளியன்:
எண் ஒன்று, அளவுகோல் வேறு. இரண்டு குறியாக்கிகளின் 22உம் ஒன்றல்ல. உங்களுக்குக் கிடைத்த தரத்துக்கு 130 எம்பி கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒப்பிடுவதானால் கோப்பின் அளவைச் சமமாக்கிவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

பழஞ்சொல்லன்:
‘மென்பொருள் குறியாக்கம்’ என்பதை இரண்டாம் வேற்றுமைத் தொகையாகப் படித்தால் ‘மென்பொருளைக் குறியாக்குதல்’ ஆகிவிடும். மூன்றாம் வேற்றுமை என்றாலோ ளகரம் டகரமாகத் திரிந்து ‘மென்பொருட்குறியாக்கம்’ என்றாக வேண்டும். இந்தச் சிக்கலே வேண்டாம். ஒளியன் ஐயா சொன்னதிலேயே சொல் இருக்கிறது. குயவர் வனைவார், கன்னார் வார்ப்பார். வனைகிற கை ஒவ்வொரு கணமும் திருத்திக்கொள்ளும். வார்ப்பில் அச்சின் வடிவமே முடிவு. ஆகவே ‘வார்ப்பு’, ‘வனைவு’. வனை, புனை, இழை எல்லாம் உருவாக்கும் தொழிலைச் சுட்டும் வினைகள். ‘புனைவு’ இலக்கியத்துக்குப் போய்விட்டது, ‘இழை’யை நூலுக்குக் கொடுத்தோம், ‘வனை’ மட்டும் சும்மா கிடக்கிறது.

கதிர்:
ஐயா, ‘வார்ப்புரு’ ஏற்கெனவே டெம்ப்ளேட்டுக்குப் போய்விட்டது. ‘வார்ப்பு’ என்று கண்டால் டெம்ப்ளேட் வழி எக்ஸ்போர்ட் என்றுதான் அழுத்துவார்கள்.

பழஞ்சொல்லன்:
முதலில் யாருக்கும் ‘மென்பொருள்’கூடப் புரியவில்லை. புழங்கப் புழங்கப் புரிந்தது.

யாழினி:
‘குறியாக்கம்’ என்றால் எனக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதுதான் தோன்றுகிறது. அதற்கும் இதே சொல்லைப் பார்த்திருக்கிறேன்.

முல்லை:
பூட்டுவதற்கு எங்கள் திட்டத்தில் ‘மறையாக்கம்’ இருக்கிறது, அதனால் இங்கே மோதல் வராது. ‘சில்லுவழிக் குறியாக்கம்’, ‘மென்பொருள்வழிக் குறியாக்கம்’ என்றால்? ‘வழி’ சேர்ந்தால் வேற்றுமைக் குழப்பமும் தீர்கிறது.

ஒளியன்:
மென்பொருள் ஓடுவதும் ஒரு சில்லில்தான். ‘வன்பொருள்வழி’ என்றால் இணை ஒத்துவரும்.

கதிர்:
சரி. நீளம்தான் இடிக்கிறது.

முல்லை:
பெட்டியில் அடங்குகிறது, பார்த்துவிட்டேன். மூவர் உடன்படுவதால் ‘வன்பொருள்வழி’, ‘மென்பொருள்வழி’ என்று அனுப்புகிறேன். சுட்டியை மேலே கொண்டுபோனால் ‘விரைவாக முடியும், குறைந்த பிட்ரேட்டில் தரம் சற்றுக் குறையலாம்’ என்று தெரியும்படி எழுதியிருக்கிறேன். கதிர் கேட்டதற்கும் அதில் இடம் கிடைத்தது.

பழஞ்சொல்லன்:
என் மறுப்பைப் பதிந்துவையுங்கள் அம்மா. ‘வழி’ எதன் வழியே போகிறது என்று மட்டுமே சொல்கிறது. திருத்த முடிந்த கைக்கும் திருத்த முடியாத அச்சுக்கும் உள்ள வேறுபாடு அதில் இல்லை. அடுத்த பதிப்பின்போது ‘வனைவு’ பற்றி மீண்டும் எழுதுவேன்.