டோக்கன் பக்கெட்டில் நிமிடத்துக்கு 100 வைத்தால் 200 எப்படிப் போகும்?

அரைத்தூக்கம்: நேற்று சிஸ்டம் டிசைன் ரவுண்டு. ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 100 ரிக்வெஸ்ட் என்று ரேட் லிமிட்டர் கேட்டார்கள், டோக்கன் பக்கெட் வரைந்தேன். "இதில் ஒரே நிமிடத்தில் 200 போகுமே" என்றார் இன்டர்வியூவர். அது ஃபிக்ஸட் விண்டோவின் பிரச்சினை அல்லவா? நாளை அடுத்த ரவுண்டில் இதையே தொடர்வார்களாம். ஸ்லைடிங் விண்டோ கவுண்டர் என்று மாற்றிச் சொல்லிவிடவா? அவசரம்.

கேள்விக்குறி: பக்கெட்டின் கொள்ளளவு எவ்வளவு வைத்தீர்கள்? நொடிக்கு எத்தனை டோக்கன் நிரம்பும்?

பூட்டுசாவி: அதெல்லாம் அப்புறம். இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் Redis-ஐப் படிக்கின்றன. இரண்டுமே "ஒரு டோக்கன் மீதி" என்று பார்த்து இரண்டுமே உள்ளே விடுகின்றன. கசிவு அங்கேதான். படிப்பது, கழிப்பது இரண்டையும் ஒரே Lua ஸ்கிரிப்டில் வையுங்கள், தீர்ந்தது.

பழையகை: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பக்கெட் படம் வரையத் தெரிகிறது, கணக்குப் போடத்தான் யாருக்கும் தெரியவில்லை.

அரைத்தூக்கம்: கொள்ளளவு 100, நிரம்புவது நொடிக்கு 100/60. நிமிடத்துக்கு 100 என்றால் அப்படித்தானே வைக்க முடியும்?

கேள்விக்குறி: சிக்கலே அதில்தான். பயனர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், பக்கெட் நிறைந்து 100 டோக்கன் இருக்கிறது. முதல் நொடியிலேயே 100-ஐயும் செலவழிக்கிறார். அடுத்த 60 நொடியில் இன்னொரு 100 நிரம்புகிறது, அதையும் வர வர எடுத்துவிடுகிறார். ஆக, ஒரு நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட 200. பூட்டுசாவி சொல்லும் ரேஸ் உண்மையானதுதான், ஆனால் ஒரே ஒரு சர்வர் இருந்தாலும் இந்த 200 வரும்.

எந்த 60 நொடியை எடுத்தாலும் அதிகபட்சம் கொள்ளளவும் அந்த 60 நொடியில் நிரம்புவதும் சேர்ந்ததுதான். 100-ஐத் தாண்டவே கூடாது என்றால் கொள்ளளவு 20, நிமிடத்துக்கு 80 நிரம்பும்படி வையுங்கள். விலை என்னவென்றால், தொடர்ந்து அனுப்புபவருக்கு நிமிடத்துக்கு 80தான் கிடைக்கும்.

அலைவரிசை: எங்களுக்கும் 429 வந்துகொண்டே இருக்கிறது. உடனே மறுபடி அனுப்பினால் இன்னும் மோசமாகிறது. எந்த அல்காரிதம் போட்டால் நிற்கும்?

பூட்டுசாவி: உங்களுடையது கிளையன்ட் பக்கம், இங்கே பேசுவது சர்வர் பக்கம். பதிலில் `Retry-After` வருகிறதா பாருங்கள், வந்தால் அத்தனை நொடி காத்திருங்கள்.

அரைத்தூக்கம்: அப்படியானால் ஸ்லைடிங் விண்டோ கவுண்டர் 100-ஐத் தாண்டாது, இல்லையா?

கேள்விக்குறி: தாண்டும். அது எண்ணுவது பாதி, ஊகிப்பது பாதி. போன நிமிடம் 80 வந்தன. இந்த நிமிடத்தில் 15 நொடி ஆகியிருக்கிறது, 30 வந்துவிட்டன. கவுண்டர் இப்படிப் போடும்:

```
80 × (45/60) + 30 = 90
```

90தானே என்று உள்ளே விடும். போன நிமிடத்து 80 சீராகப் பரவி வந்தன என்ற நம்பிக்கைதான் இந்தக் கணக்கு. அந்த 80-உம் கடைசி 10 நொடியில் வந்திருந்தால் உண்மை எண்ணிக்கை 110. முதல் 10 நொடியில் வந்திருந்தால் வெறும் 30, அப்போது இன்னும் பத்துப் பதினொரு ரிக்வெஸ்டிலேயே காரணமில்லாமல் தடுக்கப்படுவார்.

நடைமுறையில் பிழை சிறிதாகவும் இருக்கலாம். கிளவுட்ஃபிளேர் 2017-ல் எழுதியபடி, 40 கோடி ரிக்வெஸ்டில் 0.003% மட்டும்தான் தவறாக விடப்பட்டன அல்லது தடுக்கப்பட்டன. அது அவர்களுடைய டிராஃபிக். அச்சுப் பிசகாமல் 100 வேண்டுமென்றால் ஒவ்வொரு ரிக்வெஸ்டின் நேரத்தையும் சேமிக்க வேண்டும், பயனருக்கு 100 பதிவு வரை.

பழையகை: இத்தனை கதை எதற்கு? nginx-ன் `limit_req` டோக்கன் பக்கெட்தான். `burst=20` போட்டால் வேலை முடிந்தது.

பூட்டுசாவி: அது லீக்கி பக்கெட், அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. வெறும் `burst` போட்டால் அதிகப்படியானவை வரிசையில் நின்று தாமதமாகப் போகும்.

பழையகை: `nodelay` சேர்த்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரில் என்ன இருக்கிறது?

பூட்டுசாவி: இன்டர்வியூவில் பெயரில்தான் இருக்கிறது, ஐயா. `nodelay` இல்லாமல் வரைந்துவிட்டு டோக்கன் பக்கெட் என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்விக்குறி: இருவரும் தனி இழை தொடங்குங்கள். அரைத்தூக்கம், நாளை முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்: அந்த 100 சராசரியா, எந்த நிமிடத்திலும் மீறக்கூடாத எல்லையா? பின்னால் இருக்கும் சர்வர் திடீர்க் கூட்டத்தைத் தாங்குமா?

அரைத்தூக்கம்: முடிந்தது. சராசரியா என்று கேட்டேன், "மீறக்கூடாது" என்றார். 20, 80 கணக்கு போட்டதும் தலையாட்டினார். அப்புறம் இரண்டு ரீஜனில் ஒரே பயனர் வந்தால் என்றார், அங்கே உளறிவிட்டேன். நன்றி.

பூட்டுசாவி: என்ன உளறினீர்கள்? ரீஜனுக்கு 50 என்று பிரித்தீர்களா, ஒரே Redis-ஆ?

பூட்டுசாவி: ஹலோ?