ஓவனில் கடலை வறுக்கும்போது தட்டைக் குலுக்குவதற்கு என்ன சொல்?

மலர்விழி, காட்பாடி:
குடியாத்தம் பக்கம் ஒரு மகளிர் குழு ஓவனில் கொண்டைக்கடலை வறுத்து விற்கப் போகிறார்கள். அவர்களுக்குச் செய்முறை எழுதிக்கொண்டிருக்கிறேன். 200 கிராம் கடலையை இரவெல்லாம் ஊறவைத்து, உடையாமல் வேகவைத்து, வடித்து, துண்டில் பரப்பி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசறி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 200 டிகிரியில் ஏறக்குறைய 40 நிமிடம். இதுவரை சிக்கல் இல்லை. நடுநடுவே தட்டை வெளியே இழுத்து ஆட்ட வேண்டும் அல்லவா, அங்கேதான் சொல் கிடைக்கவில்லை. "குலுக்கவும்" என்று எழுதினேன். ஒருவர் தட்டை உதறிக் கடலையைக் கீழே கொட்டினார். இன்னொருவர் கரண்டியால் கிளறினார், தோலெல்லாம் உரிந்துவிட்டது. தலைப்பாகப் போட்டாலும் "குலுக்கல்" என்றால் பரிசுச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.

சுந்தரம், ஆரணி (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
இதற்குப் புதுச்சொல் எதற்கம்மா? பட்டாணிக் கடையில் சுடுமணலில் போட்டுப் புரட்டி எடுக்கிறார்களே, "புரட்டல்" போதும். அடி கருகாமல் இருக்கத்தானே செய்கிறோம்.

அன்வர், வேலூர் (பேக்கரி வைத்திருப்பவர்):
ஐயா, அடி கருகக் கூடாது என்பது சரி. ஆனால் மணலும் ஓவனும் வேறு வேறு. மணல் கடலையை எல்லாப் பக்கமும் சூழ்ந்து சுடும், அதனால் சட்டென்று பொரிந்துவிடும். ஓவனில் சுற்றியிருப்பது வெறும் காற்று, அது மெதுவாகத்தான் சுடும். தகரத்தைத் தொடும் அந்த ஒரு புள்ளி மட்டும் முந்திக்கொண்டு சிவக்கும். அந்தப் புள்ளியை மாற்றுவது ஒரு வேலை. ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் அனுப்புவது இன்னொன்று, ஏனென்றால் ஓரம் சீக்கிரம் கருகும். தட்டை இரண்டு கையாலும் பிடித்து, லேசாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்தால் கடலை தானே உருண்டு இடம் மாறும். பலம் வேண்டாம். அதனால் "உருட்டல்" என்பேன்.

முதல் 15 நிமிடம் தொடாதீர்கள். ஈரத்தோல் தட்டில் ஒட்டியிருக்கும், அப்போது ஆட்டினால் உரியும். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. காதையும் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் உருட்டலில் தொப்தொப் என்று மந்தமாகக் கேட்கும், கடைசியில் கலகலவென்று கூழாங்கல் போல ஓடும். அந்தச் சத்தம் வராமல் கடிகாரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

கவிதா, குடியாத்தம்:
அண்ணா, நான் வீட்டில் செய்தது எடுத்தவுடன் மொறுமொறுவென்று இருந்தது, சாயங்காலம் ரப்பர் ஆகிவிட்டது. உருட்டியது போதவில்லையா?

அன்வர்:
இல்லைம்மா, உருட்டலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெளியே காய்ந்திருக்கிறது, உள்ளே தண்ணீர் இருக்கிறது. அது மெல்ல வெளியே வந்து தோலை நனைத்துவிடும். ஒரு கடலையைக் கடித்துப் பாருங்கள், நடு மாவாக இருந்தால் இன்னும் வேக்காடு பாக்கி. ஓவனை அணைத்த பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து உள்ளேயே விடுங்கள். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். மிளகாய்த்தூளை வெளியே எடுத்தபின் தூவுங்கள், முன்பே போட்டால் கருகிக் கசக்கும்.

சுந்தரம்:
அப்படி விடுவதற்கு "தம்" என்று நம் ஊர்ச் சொல் இருக்கிறதே!

அன்வர்:
ஆம்பூர் பிரியாணிக்கு மூடியை இறுக்கி, மேலே தணலைப் போட்டு, ஆவி வெளியேறாமல் வைப்பதுதான் தம். இங்கே ஆவி போயே ஆக வேண்டும் ஐயா. தம் என்று எழுதினால் கதவைச் சாத்திவிடுவார்கள், கடலை நமத்துப்போகும்.

சுந்தரம்:
தம்மை விட்டுவிடுகிறேன். புரட்டலை விடமாட்டேன். சமையலறையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு விளையாட்டுச் சொல்லை ஏன் எடுக்க வேண்டும்?

மலர்விழி:
ஐயா, "புரட்டு" என்றால் உடனே கை கரண்டிக்குத்தான் போகிறது, குழுவில் நடந்ததும் அதுதான். அன்வர் அண்ணா சொன்னபடி "தட்டைச் சாய்த்து உருட்டவும்" என்று எழுதிக் காட்டினேன், யாரும் கரண்டியை எடுக்கவில்லை. ஆனால் ஊறவைத்த கடலைப்பருப்பை அதே தட்டில் போட்டபோது சொல் இடித்தது. ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் அது உருளவில்லை, மொத்தமாகச் சறுக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்க் குவிந்தது. அதைத் தட்டைத் தட்டிக் குலுக்கித்தான் பரப்ப வேண்டியிருந்தது.

அன்வர்:
பருப்புக்கு நான் தோசைத் திருப்பியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிவிடுவேன். அதற்குத் தோல் இல்லை, உரியும் பயம் இல்லை.

மலர்விழி:
அப்படியென்றால் கொண்டைக்கடலைக்கும் பட்டாணிக்கும் "உருட்டல்" என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். பருப்புக்கு "தள்ளிவிடல்" என்று எழுத மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.