ரிசல்ட் அன்றே அட்மிஷன் விளம்பரம்: எந்த எண்ணைப் போடுவது?

டியூஷன்_நடத்துபவர்:
அடுத்த வாரம் ரிசல்ட். அன்று மாலையே அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு விளம்பரம் போக வேண்டும். வருஷம் முழுக்க எங்களிடம் படித்தவர்கள் 64 பேர். கடைசி மூன்று வாரம் மாதிரித் தேர்வு எழுத மட்டும் வந்தவர்கள் 110 பேர். தேர்ச்சி சதவீதம் 64 பேருக்கு மட்டும்தான். ஆனால் "90க்கு மேல் எடுத்தவர்கள்" என்ற எண்ணில் இரண்டு கூட்டத்தையும் சேர்க்கலாம் என்கிறார் பங்குதாரர், எல்லாரும் அப்படித்தானாம். செய்யலாமா?

போஸ்டர்_பையன்:
தாராளமா சேருங்க சார். உங்ககிட்ட வந்து தேர்வு எழுதினவங்கதானே, பொய் எங்க இருக்கு? இருபது சென்டருக்கு டிசைன் பண்ணியிருக்கேன். ரிசல்ட் வந்து மூணு நாள்தான் சூடு, அதுக்குள்ள பெற்றோர் முடிவு பண்ணிடுவாங்க. நாங்க டிசைனை முன்னாடியே முடிச்சு, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு வெச்சிருப்போம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எண்ணைச் சொன்னா ஆறு மணிக்கு விளம்பரம் வெளியே போயிடும்.

பழைய_வாத்தியார்:
அந்த ஐந்து மணி எண்ணில்தான் சிக்கலே. பெரிய சென்டர் ஒன்றில் ஏழு வருஷம் ரிசல்ட் அன்று போன் போட்டு மார்க் வாங்கி எழுதியவன் நான். நல்ல மார்க் எடுத்த பிள்ளை தானே கூப்பிடும், இனிப்போடு நேரிலும் வரும். தோற்ற பிள்ளை போனை எடுக்காது, வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

உங்கள் 64 பேரையே எடுத்துக்கொள்வோம். மாலை ஐந்துக்குள் 41 பேரின் மார்க் கிடைத்து, அதில் 40 பேர் பாஸ் என்றால் "98% தேர்ச்சி" என்று அச்சாகும். நாலு நாள் கழித்து மீதி 23 பேரையும் பிடித்தால் அதில் 15 பேர்தான் பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 64க்கு 55, அதாவது 86%. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, அவசரம் மட்டும்தான். ஆனால் முதல் எண் வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கும். மறுகூட்டலில் மாறும் மார்க்கையெல்லாம் இந்தக் கணக்கில் நான் கொண்டுவரவே இல்லை.

சேர்க்கும் கேள்விக்கு வருகிறேன். 90க்கு மேல் 61 பேர், அதில் 47 பேர் மாதிரித் தேர்வுக் கூட்டம் என்று வந்தால், உங்களிடம் வருஷம் முழுக்கப் படித்தவர்கள் 14 பேர்தான். அந்த 47 பேரும் வேறெங்கோ படித்தவர்கள். அதே முகங்கள் இன்னும் இரண்டு சென்டரின் விளம்பரத்திலும் சிரித்துக்கொண்டிருக்கும்.

கோபமான_அம்மா:
போட்டோ பற்றிய கேள்விதானே இது? என் மகன் ஒரு சென்டரில் இரண்டே இரண்டு மாதிரித் தேர்வு எழுதினான். ரிசல்ட் வந்த மறுநாள் தெருமுனை ஃப்ளெக்ஸில் அவன் முகம்! கேட்டால், சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் "படம் பயன்படுத்தச் சம்மதம்" என்று ஒரு வரி இருக்கிறதாம். மார்க் வருவதற்கு முன்பே வாங்கியது சம்மதமா? எப்படி எடுக்க வைப்பது?

பழைய_வாத்தியார்:
அம்மா, கேள்வி எண்ணிக்கை பற்றியது. ஆனாலும் நீங்கள் சொல்வது பக்கத்து வீட்டு விஷயம்தான். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் உடனே இறங்குமா என்பது அந்த சென்டர்காரரின் மனசு.

போஸ்டர்_பையன்:
வாத்தியார் சொல்றது கணக்குல சரி. கடைத்தெருவுல? இவர் "64 பேரில் 14"ன்னு போடுவார், பக்கத்து சென்டர் வெறும் "61"னு போடுவான். பெற்றோர் எங்க போவாங்க?

பழைய_வாத்தியார்:
சிலர் அங்கேதான் போவார்கள், மறுக்கவில்லை. இரண்டாவது பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் மட்டும் வேறு மாதிரி. "வருஷ ஆரம்பத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்று ஒரே கேள்வி கேட்பார்கள். சார், உங்களையும் கேட்கிறேன். அந்த 64 ஆரம்பத்து எண்ணா, கடைசியில் மிஞ்சியதா?

டியூஷன்_நடத்துபவர்:
மிஞ்சியதுதான். ஆரம்பத்தில் 80. சிலர் வீடு மாறினார்கள், சிலரை அரையாண்டுக்குப் பிறகு நாங்களே "வேறு இடம் பாருங்கள்" என்றோம். அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பழைய_வாத்தியார்:
நீங்கள் அனுப்பியவர்களைக் கழித்தால் சதவீதம் தானாக ஏறும். ரிசல்ட் அன்று வகுப்பு தொடங்கும் நாள், நேரம், பாடம் எடுக்கப்போவது யார், இவற்றை மட்டும் போடுங்கள். எண் ஒரு வாரம் கழித்து வரட்டும். வருஷக் கூட்டம் ஒரு வரி, மாதிரித் தேர்வுக் கூட்டம் தனி வரி.

போஸ்டர்_பையன்:
ஒரு வாரம் கழிச்சா யார் சார் பார்ப்பா?

டியூஷன்_நடத்துபவர்:
இப்போதுதான் பங்குதாரரிடம் பேசினேன். ஃப்ளெக்ஸை நேற்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். "90க்கு மேல்" என்று ஒரே வரிதான், எண்ணுக்கு மட்டும் வெள்ளை இடம். நாலு நாள் பொறுக்கலாம் என்றேன். சாயங்காலம் நேரில் பேசலாம் என்கிறார்.