"அப்டேட் பாக்கி: 0" என்று மாதாமாதம் ரிப்போர்ட் அனுப்பிய என் அனுபவம்

பீளமேடு பையன்

நான் தனியாள். 14 சின்ன கம்பெனிகளின் வேர்ட்பிரஸ் தளங்களை மாதச் சந்தாவில் பார்த்துக்கொள்கிறேன். தளத்துக்கு மாதம் 2,000 ரூபாய். அதற்குள் அப்டேட், பேக்கப், ஒரு செக்யூரிட்டி ஸ்கேன், மாதக் கடைசியில் ஒரு பக்க ரிப்போர்ட். இதில் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன், இதே வேலை பார்க்கிறவர்கள் தங்கள் கதையையும் சொல்லுங்கள்.

பம்ப்செட் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. போன வருடம் ஒரு நாள் காலையில் அவர்களிடமிருந்து போன்: "தம்பி, கூகுள்ல நம்ம கம்பெனி பேரைப் போட்டா கீழ ஏதோ சீன எழுத்தா வருதுங்க." தளத்தைத் திறந்து பார்த்தேன், எல்லாம் பழையபடிதான் இருந்தது. அவர் வேறு எதையோ பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன். அப்புறம் கூகுளில் `site:` போட்டு அவர்கள் டொமைனைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் பக்கங்கள், கைப்பை, கடிகாரம் விற்கிற தலைப்புகள், எல்லாம் ஜப்பானிய எழுத்தில். நேராக டொமைனை அடித்து வருகிறவருக்கு நல்ல தளத்தையும் கூகுளின் ரோபோவுக்கு மட்டும் வேறு பக்கத்தையும் காட்டுகிற ஹேக் அது. அதனால்தான் என் கண்ணுக்கும், வெளியிலிருந்து ஓடிய என் ஸ்கேனுக்கும் ஒன்றும் படவில்லை.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். வாரம் ஒன்று, மொத்தம் 4 பிரதி, சர்வரில் இல்லாமல் தனியாக கூகுள் டிரைவில். கடைசிப் பிரதியை என் மெஷினில் ஏற்றிப் பார்த்தால் அதிலும் அந்தக் கோப்புகள். அதற்கு முந்தியதிலும், அதற்கு முந்தியதிலும். நான்கிலும்! உள்ளே நுழைந்து ஏழு வாரம் ஆகியிருந்தது, என் கையில் இருந்ததோ நான்கு வாரம். பேக்கப் ஒரு தடவைகூடத் தவறவில்லை, ரிப்போர்ட்டிலும் பச்சை டிக் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

எந்த வழியாக வந்தார்கள் என்று தேடியபோதுதான் நிஜமாகவே வெட்கமாக இருந்தது. தீமோடு சேர்ந்து வந்த ஒரு ஸ்லைடர் பிளகின். தீம் வாங்கியவர் பழைய டிசைனர். பிளகினுக்கு என்று தனி லைசன்ஸ் யாரிடமும் இல்லை. லைசன்ஸ் இல்லாததால் புது வெர்ஷன் வந்ததே டாஷ்போர்டுக்குத் தெரியாது, ஆகவே "அப்டேட் பாக்கி: 0". நான் அந்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதி, ஏழு மாதம் காசு வாங்கியிருக்கிறேன்.

மாதச்சந்தா

எல்லா பிளகினுக்கும் ஆட்டோ அப்டேட் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே வராதே. ஹோஸ்டிங்காரர்களே 30 நாள் தினசரி பேக்கப் தருகிறார்கள், அதை விட்டுவிட்டு நாம் ஏன் தனியாக எடுக்க வேண்டும்? நான் 20 தளம் வைத்திருக்கிறேன், மாதம் 1,000தான், ஒரு ஃபயர்வால் பிளகின் போட்டு விட்டுவிடுவேன். இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

ரூட் ஷெல்

@மாதச்சந்தா, ஃபயர்வால் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். தெரிந்த ஓட்டை என்றால் பிளகின் பழசாக இருந்தாலும் அது தடுத்திருக்க வாய்ப்பு உண்டு. மற்ற இரண்டும் இவர் சொன்ன கேஸில் உதவாது. லைசன்ஸ் இல்லாத பிளகினுக்கு ஆட்டோ அப்டேட் போட்டால் அது எங்கிருந்து எடுத்து வரும்? 30 நாள் பேக்கப்பில் ஏழு வாரப் பழைய பிரதி எப்படிக் கிடைக்கும்? இன்னொன்று, ஹோஸ்டிங் கணக்கே முடங்கினால், பில் கட்டாமல் போனாலும் சரி, அந்த பேக்கப்பும் சேர்ந்து முடங்கும்.

இப்படிப்பட்ட பிளகின்களைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி. பிளகின் பட்டியலில் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் 5.5இலிருந்து அங்கே ஒவ்வொரு வரியிலும் "Enable auto-updates" என்ற இணைப்பு இருக்கும். எந்த வரியில் அது இல்லாமல் காலியாக இருக்கிறதோ, அந்த பிளகினுக்கு அப்டேட் எங்கிருந்து வருகிறது என்று வேர்ட்பிரஸுக்கே தெரியாது. சொந்தமாக அப்டேட் வழி வைத்திருக்கும் சில நல்ல பிளகின்களும் காலியாகத்தான் தெரியும், அதனால் காலியாக இருப்பதெல்லாம் ஆபத்து என்று அர்த்தம் இல்லை. அந்த நாலைந்தை மட்டும் மாதம் ஒரு தடவை, செய்தவர்களின் தளத்தில் போய் வெர்ஷன் எண்ணைக் கையால் ஒப்பிடுங்கள். ஒரு தளத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

ஒரு கேள்வி, ஏழு வாரம் என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்? கோப்பின் தேதியை நம்பினீர்களா?

பீளமேடு பையன்

அக்கா, முதலில் அதைத்தான் நம்பி ஏமாந்தேன். அந்தக் கோப்புகளின் தேதி 2019 என்று காட்டியது, அப்போது அந்தத் தளமே கிடையாது. கூகுள் சர்ச் கன்சோலில் அந்தப் பக்கங்கள் எந்த நாளிலிருந்து தேடலில் தெரிய ஆரம்பித்தன என்ற வரைபடத்தைப் பார்த்தேன், ஐந்து வாரம் என்றது. கூகுள் வந்து பார்க்கவே கொஞ்ச நாள் ஆகியிருக்கும் என்று தோன்றியதால் சர்வரில் ctime, அதாவது கோப்போ அதன் விவரமோ கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தேன், அது ஏழு வாரம் என்றது.

```
find . -name "*.php" -ctime -60
find wp-content/uploads -name "*.php"
```

இரண்டாவது வரி எதையுமே காட்டக் கூடாது, படம் வைக்கிற இடத்தில் பிஎச்பிக்கு என்ன வேலை. எனக்கு 11 கோப்பு காட்டியது.

ரூட் ஷெல்

சரியாகச் செய்திருக்கிறீர்கள். கோப்பின் தேதியை எவர் வேண்டுமானாலும் `touch` போட்டு மாற்றலாம், ctime-ஐ அவ்வளவு சுலபத்தில் பழைய தேதிக்கு மாற்ற முடியாது. ஆனால் இடையில் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தால் எல்லாக் கோப்புக்கும் மாற்றிய நாள்தான் வரும், அப்போது இது கைகொடுக்காது. சில நல்ல பிளகின்களும் uploads-க்குள் சொந்தமாக ஒரு வெற்று index.php வைக்கும், பார்த்ததும் பதறாமல் திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருக்கிறதா என்று பார்க்க:

```
wp core verify-checksums
wp plugin verify-checksums --all
```

இரண்டாவது கட்டளை wordpress.org-இல் இருக்கிற பிளகினை மட்டுமே சோதிக்கும். காசு கொடுத்து வாங்கியதை ஒப்பிட அங்கே எதுவும் இல்லை. உங்கள் ஸ்லைடர் அதிலும் தப்பித்திருக்கும்.

திருப்பூர் பனியன்

நான் கடைக்காரன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. எனக்கும் ஒருவர் மாதம் 3,000க்குப் பார்த்துத் தருகிறார். ரிப்போர்ட்டில் எப்போதும் தளம் 99.9% நேரம் ஓடியது என்று வரும். ஆனால் வெளியூர் பார்ட்டி ஒருவர் நேரில் பார்த்தபோது "மூணு தடவை உங்க சைட்ல என்கொயரி போட்டேன், நீங்க கண்டுக்கவே இல்லை" என்றார். பார்த்தால் நாலு மாதமாக எந்த என்கொயரி மெயிலும் வரவில்லை! நான் சீசன் டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவும் ஹேக்தானா? காசைத் திருப்பிக் கேட்கலாமா?

நெல்லை டெவ்

ஹேக்காக இருக்காது அண்ணாச்சி. ஃபார்ம் அனுப்பினால் "நன்றி" என்று திரையில் வரும், மெயில் மட்டும் போய்ச் சேராது, பல தளத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து, அந்த டொமைன் பேரில்தான் மெயில் வருகிறது என்று உறுதிசெய்கிற SPF அல்லது DKIM இல்லாமல் வருகிற மெயில் விஷயத்தில் கறாராகிவிட்டது. ஃபார்ம் பிளகின் வந்ததை டேட்டாபேஸிலும் சேமிக்கிறதா என்று உங்கள் ஆளிடம் கேளுங்கள், சேமித்திருந்தால் அந்த நாலு மாத என்கொயரியும் அப்படியே கிடைக்கும். சேமிக்கவில்லை என்றால் போனது போனதுதான்.

நான் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எல்லாத் தளத்திலும் ஒரு சோதனை என்கொயரி போட்டு, முதலாளி போனில் வந்ததா என்று அவரிடமே கேட்பேன். இது ஒன்றைத்தான் வாடிக்கையாளர்கள் நிஜமாகவே மதிக்கிறார்கள்.

பேக்கப்பை ஏற்றிப் பார்ப்பது பற்றி என் கதை ஒன்று. ஒரு பல் ஆஸ்பத்திரி தளம், அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல் எல்லாம் உண்டு. பேக்கப் சரியாக இருக்கிறதா என்று ஒரு சப்டொமைனில் ஏற்றினேன். அந்த நகலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, நிஜ நோயாளிகளுக்கே இரண்டாவது முறை "நாளை வாருங்கள்" என்று மெயில் அனுப்பிவிட்டது. டாக்டர் போன் பண்ணித் திட்டினார். இப்போதெல்லாம் நகலின் wp-config.php-யில் முதலில் இதைப் போடுகிறேன், கூடவே மெயில் வெளியே போவதையும் முழுசாக அடைத்துவிடுவேன். சப்டொமைனுக்குப் பாஸ்வேர்டும் உண்டு, கூகுள் உள்ளே வரக் கூடாது.

```php
define( 'DISABLE_WP_CRON', true );
```

மாதச்சந்தா

மாதம் மாதம் ஏற்றிப் பார்ப்பதா? 20 தளத்துக்கு அதைச் செய்தால் 1,000 ரூபாயில் எனக்கு என்ன மிஞ்சும்? வாடிக்கையாளர் கேட்கவே இல்லாத வேலை.

பீளமேடு பையன்

நியாயமான கேள்வி, நானும் 14-ஐயும் மாதாமாதம் செய்வதில்லை. மாதத்துக்கு ஐந்து தளம், சுற்றில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் வரும். ஒன்றுக்கு அரைமணி நேரம். ஏற்றி, ஒரு புராடக்ட் பக்கம், லாகின், கடைசியாகப் போட்ட பதிவு மூன்றையும் பார்த்தால் போதும். பிரதிகளும் இப்போது தினசரி 7, வாரம் 4, மாதம் 6. அந்த ஆறு இருந்திருந்தால் பம்ப்செட் தளத்தை ஒரு மாலையில் முடித்திருப்பேன்.

இல்லாததால் நான்கு நாள் ஆனது. வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கிப் போட்டேன், ஸ்லைடரைத் தூக்கி எறிந்து ஒரு சாதாரணப் படம் வைத்தேன், uploads-இலிருந்து படங்களை மட்டும் எடுத்தேன். டேட்டாபேஸ் மட்டும் பழையது. அதில் ஒரு வேடிக்கை: யூசர்ஸ் பக்கத்தில் மேலே எண்ணிக்கை 3 என்று இருக்கும், கீழே பட்டியலில் 2 பேர்தான். மூன்றாவது ஆளை மறைக்க ஒரு சின்ன கோடு, தானாகவே ஓடுகிற பிளகின்களை வைக்கும் mu-plugins ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருந்தது. நான் பல தடவை அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறேன், எண்ணிப் பார்த்ததே இல்லை.

அப்புறம் சர்ச் கன்சோல். தெரியாத ஒருவர் அதில் ஓனராகச் சேர்ந்திருந்தார். கூகுள் அதைப் பற்றி மெயில் அனுப்பியிருக்கிறது, ஆனால் பழைய டிசைனரின் ஜிமெயிலுக்கு. அவர் துபாய் போய் மூன்று வருடம் ஆகிறது.

ரூட் ஷெல்

பாஸ்வேர்டுகளோடு, wp-config.php-யில் இருக்கும் சால்ட் என்கிற ரகசியச் சாவிகளையும் மாற்றினீர்களா? `wp config shuffle-salts`. மாற்றாவிட்டால், பாஸ்வேர்டு மாற்றாமல் விட்டுப்போன கணக்கு ஏதாவது இருந்தால் அதில் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் லாகின் குக்கீ செல்லுபடியாகிக்கொண்டே இருக்கலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் wp-config.php-யில் வெளிப்படையாகத்தான் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். ஆறு மாதப் பிரதி உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது என்றால் அவர்களின் வாடிக்கையாளர் போன் நம்பர் எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று அர்த்தம், டிஸ்கை என்கிரிப்ட் செய்து வையுங்கள்.

திருப்பூர் பனியன்

டேட்டாபேஸில் இருந்ததாம், 37 என்கொயரி. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் காசு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தம்பி, நீங்கள் அந்த நாலு நாளுக்கு பம்ப்செட்காரரிடம் பில் போட்டீர்களா?

பீளமேடு பையன்

போடவில்லை அண்ணா. ஏழு மாதம் தப்பான ரிப்போர்ட் கொடுத்தது நான்.

நெல்லை டெவ்

நான் போட்டிருப்பேன். லைசன்ஸ் வாங்காதது வாடிக்கையாளர். என் ஒப்பந்தத்தில் ஹேக் ஆனால் சுத்தம் செய்வது தனிக் கட்டணம் என்று எழுதியே இருக்கிறது.

ரூட் ஷெல்

லைசன்ஸ் இல்லை என்று அவரிடம் முன்னாடியே எழுத்தில் சொல்லியிருந்தால் போடலாம். பையன் சொல்லவில்லையே.

பீளமேடு பையன்

ஆமாம், சொல்லவில்லை. இப்போது ரிப்போர்ட்டில் "அப்டேட் பாக்கி" வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் கையால் சரிபார்த்த பிளகின், லைசன்ஸ் முடியும் தேதி, கடைசியாக பேக்கப்பை ஏற்றிப் பார்த்த நாள், சோதனை என்கொயரி வந்ததா என்று நாலு வரி. சந்தாவை 2,500 ஆக்கினேன், இரண்டு பேர் விலகிவிட்டார்கள். பம்ப்செட்காரர் இருக்கிறார். ஜப்பானிய எழுத்து கூகுளிலிருந்து முழுக்கப் போக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவரை வாரா வாரம் போன் போட்டு "இன்னும் சீனாக்காரன் இருக்கானுங்க தம்பி" என்பார்.