3,000 தாண்டியும் நஷ்டம் வந்த மாசம்

பழைய லெட்ஜர்
அந்த மீட்டிங் இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டே மாடல். பெரியதுக்கு யூனிட்டுக்கு கான்ட்ரிபியூஷன் 40, சின்னதுக்கு 15. மூணு பெரியது போனா ரெண்டு சின்னது போகும்னு பட்ஜெட். ஆக அஞ்சுக்கு 150, சராசரி 30. மாசத்துக்கு நிலையான செலவு 90,000. பிரேக் ஈவன் 3,000 யூனிட். அந்த 3,000-ஐ மட்டும் போர்டுல பெருசா எழுதினேன். 1,800 பெரியது, 1,200 சின்னதுன்னு பிரிச்சு எழுதலை. அதான் நான் செஞ்ச தப்பு.

மாசக் கடைசியில விற்பனை 3,200. எல்லாரும் கைதட்டுறாங்க, நான் ஷீட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்: 10,000 நஷ்டம். ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பெரியது 1,280, சின்னது 1,920. விகிதம் அப்படியே தலைகீழ். 51,200-உம் 28,800-உம் சேர்ந்து 80,000தான். சராசரி 25-க்கு இறங்கிடுச்சு. அந்த விகிதத்துல 3,600 வித்திருக்கணும். "நீங்க எழுதின நம்பரைத் தாண்டிட்டோமே சார்"னு சேல்ஸ் மேனேஜர் கேட்டார். பதிலே வரலை.

சதவீதக்காரன்
இதனாலதான் நான் யூனிட் பக்கமே போறதில்லை, எல்லாம் விற்பனைத் தொகையிலதான். உங்க விலை என்ன?

பழைய லெட்ஜர்
பெரியது 100, சின்னது 75.

சதவீதக்காரன்
அப்போ பெரியதுக்கு 40%, சின்னதுக்கு 20%. 60:40-ல சராசரி 32%. 90,000-ஐ அதால வகுத்தா 2,81,250. இந்தத் தொகையை போர்டுல எழுதியிருந்தா பிரச்சினையே வந்திருக்காது.

ராத்திரி ஷிப்ட்
வந்திருக்கும். முதல்ல, உங்க 60:40 யூனிட் விகிதம், அதைக் கொண்டுபோய் சதவீதத்துல பெருக்கிட்டீங்க. மூணு பெரியதுக்கு 300, ரெண்டு சின்னதுக்கு 150. தொகையில அது 2:1. 450-க்கு 150 கான்ட்ரிபியூஷன், அதாவது மூணுல ஒரு பங்கு. சரியான தொகை 2,70,000. அவர் சொன்ன 1,800-ஐயும் 1,200-ஐயும் விலையால பெருக்கிக் கூட்டுங்க, அதே 2,70,000 வரும். ரெண்டு வழியும் ஒரே இடத்துல வந்து நிக்கலைன்னா சராசரிக்கு எடுத்த விகிதம் தப்புன்னு அர்த்தம். இதே தப்பு எங்க ஷீட்ல ஆறு மாசம் இருந்துச்சு, போட்டதும் நான்தான்.

ரெண்டாவது, தொகையா எழுதினாலும் தப்பிக்க முடியாது. அந்த மாசம் அவர் விற்பனை 1,28,000-உம் 1,44,000-உம், மொத்தம் 2,72,000. 2,70,000-ஐயும் தாண்டியாச்சு, நஷ்டமும் வந்தாச்சு.

லெட்ஜர் சார், நீங்க கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். 3,200 யூனிட் பழைய விகிதத்துல போயிருந்தா 96,000 வந்து 6,000 லாபம். வந்தது 80,000. அந்த 16,000 முழுக்க விகிதம் மாறினதால போனது. விலையும் மாறலை, செலவும் ஏறலை. யூனிட்டுக்கு 5 வீதம் 3,200-க்குப் பெருக்கினா அதே 16,000. மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்காதீங்க. வாரா வாரம் வந்த மொத்த கான்ட்ரிபியூஷனை வித்த யூனிட்டால வகுங்க. 30 இறங்கி 28 ஆச்சுன்னா அன்னைக்கே தெரிஞ்சிடும். ஷீட்லயும் 30-ஐ நேரா டைப் பண்ணாம, விகிதத்துல இருந்து வர்ற மாதிரி வையுங்க.

சதவீதக்காரன்
2:1 விஷயம் சரி, கவனிக்கலை. ஆனா பத்து இருபது மாடல் இருந்தா தொகைதான் வசதி, அதுல நான் மாறலை.

மூணாவது மேஜை
என் கதையும் இதேதான். நிலையான செலவை யூனிட் கணக்குல பிரிச்சுப் போட்டோம், சின்ன மாடல் நஷ்டம்னு காட்டுச்சு, நிறுத்திட்டோம். அடுத்த மாசம் அந்தச் செலவு முழுக்க பெரியது தலையில. உங்க கணக்குலயே பாருங்க: 90,000-ல 40%, அதாவது 36,000 சின்னதுக்கு, அது கொடுக்கிறது 18,000தான். நஷ்டம் மாதிரி இருக்கும். நிறுத்தினா பெரியது 1,800-க்குப் பதிலா 2,250 போகணும். சின்னதை நிறுத்தாதீங்க சார்!

பழைய லெட்ஜர்
நிறுத்தணும்னு யாரும் சொல்லலையே. விகிதம் ஏன் புரண்டுச்சுன்னுதான் தேடினேன். கமிஷன் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு, ரெண்டு மாடலுக்கும் ஒண்ணு. சின்னது சுலபமா போகும், அதையே தள்ளியிருக்காங்க. ஆளுங்களைக் குறை சொல்ல முடியாது.

ராத்திரி ஷிப்ட்
அப்போ கமிஷனை கான்ட்ரிபியூஷன்ல ஒரு பங்கா மாத்துங்க.

புது ஆள்
ஒரு சந்தேகம். விற்பனை மந்தமா இருக்கிற மாசத்துல எங்களுக்கு எப்பவுமே விலை கம்மியானதுதான் அதிகம் போகுது. அப்போ பிரேக் ஈவன் பக்கத்துல இருக்கும்போது விகிதமே வேற. வருஷ சராசரி விகிதத்தை எடுக்கலாமா, மந்தமான மாசத்துதா?

ராத்திரி ஷிப்ட்
நான் ரெண்டையும் போட்டு, இடைவெளியைக் காட்டுவேன். இவருக்கு 3,000-ல இருந்து 3,600.

சதவீதக்காரன்
ரெண்டு நம்பர் கொடுத்தா சின்னதைத்தான் பிடிச்சுக்குவாங்க.

பழைய லெட்ஜர்
அதேதான் நடந்துச்சு. போன மாசம் ரெண்டையும் எழுதினேன். "இதுல எது சார் நிஜம்?"னு அதே மேனேஜர் கேட்டார்.