15 வருட சேவை விருதுக்கு முழு வரி, உதவுங்கள்

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஒரே தொழிற்சாலையில் இடைவெளியில்லாமல் 15 வருடம் முடித்ததற்கு ஜூலையில் 3,000 ராண்ட் கைக்கடிகாரமும் 4,000 ராண்ட் ரொக்கமும் கொடுத்தார்கள். கடிகாரத்தின் பின்பக்கம் என் பெயர் பொறித்திருக்கிறது, சம்பளச் சீட்டிலோ 7,000க்கும் வரி பிடித்திருக்கிறது.

2022 மார்ச் 1 முதல் இப்படிப்பட்ட விருதில், பொருளும் ரொக்கமும் சேர்த்து 5,000 ராண்ட் வரை வரியில்லை, அப்படியானால் மிச்சம் 2,000க்குத்தானே வரி? சம்பளப் பிரிவில் இரண்டு முறை கேட்டேன், வரித்துறையான சார்ஸின் விதியை அச்செடுத்தும் காட்டினேன். ரொக்கம் என்றாலே வரிதான் என்கிறார்கள். அது பழைய விதி. வருடாந்தர விசுவாச போனஸ் முழுவதும் வரிக்குரியது, அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

வருட முடிவில் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் ஐஆர்பி5 படிவம் வரும் முன்பே இதைத் திருத்த வைத்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?